பில்லில் உள்ள பத்து வருடம் எந்தப் பாகத்துக்கு?

ஃபிரிட்ஜ் வாங்கப் போகும் கடையில் விலை பேசி முடிந்ததும் விற்பனையாளர் சொல்வார்: "பத்து வருஷம் கேரண்டி சார், கவலையே வேண்டாம்." பில் கைக்கு வரும்போது அதில் இருப்பது வேறு வரி: "வாரண்டி 1 வருடம் + கம்ப்ரஸர் 9 வருடம்." வாயால் சொன்னது கேரண்டி, காகிதத்தில் வந்தது வாரண்டி. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது, ஐந்தாம் வருடக் கோடையில் ஃபிரிட்ஜ் குளிராமல் நிற்கும் நாளில்தான் பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியவருகிறது. வாங்கும் நாளிலேயே அதைத் தெரிந்துகொள்ளலாம். பில்லையும் கூடவே வரும் வாரண்டி கார்டையும் எப்படிப் படிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைத்தெருவில் ஒரு வழக்கு இருக்கிறது. கெட்டுப்போனால் புதிதாக மாற்றிக் கொடுத்தால் அது கேரண்டி, சரிசெய்து கொடுத்தால் அது வாரண்டி என்பார்கள். எல்.ஈ.டி. பல்பு, இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரிப் பொருட்களில் இது பெரும்பாலும் அப்படியே நடக்கிறது. ஆனால் நம் நாட்டுச் சட்டம் எதுவும் வீட்டுச் சாமான்களுக்கு இப்படி ஒரு பிரிவினையைச் செய்யவில்லை. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறைகேடான வணிகத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இரண்டு சொல்லையும் "அல்லது" போட்டு ஒன்றாகவே எழுதுகிறது. ஆகவே கார்டில் கேரண்டி என்று போட்டிருக்கிறது, அதனால் மாற்றித் தந்தே ஆகவேண்டும் என்று அந்த ஒரு சொல்லை மட்டும் காட்டி வாதிட முடியாது. அதேபோல, வாரண்டி என்று போட்டிருப்பதால் ரிப்பேர் மட்டும்தான், பணத்தைத் திருப்பித் தரும் பேச்சே கிடையாது என்று கம்பெனி முடித்துவிடவும் முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் வாக்கியத்தை. வாக்குக் கொடுப்பது கடையா, கம்பெனியா? எந்தப் பாகத்துக்கு, எத்தனை நாளைக்கு? கெட்டுப்போனால் என்ன செய்வார்கள்: பாகம் மட்டும் தருவார்களா, அதை மாற்றும் கூலியும் சேர்த்தா, முழுப் பொருளையுமா? இவற்றுக்குப் பதில் எழுத்தில் இருந்தால் மேலே எந்தச் சொல் இருந்தாலும் கவலையில்லை. எழுத்தில் இல்லையென்றால் எந்தச் சொல்லும் உதவாது. ஒரு ஃபிரிட்ஜை வைத்தே இதைப் பார்ப்போம்.

ஐந்தாம் வருடக் கோடை

ஒரு வீட்டில் 2020 மார்ச் மாதம் 260 லிட்டர் இரண்டு கதவு ஃபிரிட்ஜ் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர். கார்டில் இரண்டு வரி. முதல் வருடம் முழு வாரண்டி. அதன்பின் ஒன்பது வருடம் கம்ப்ரஸருக்கு மட்டும். முழு வாரண்டி என்ற வருடத்திலும் பல கார்டுகளில் கதவு ரப்பர், பல்பு, கண்ணாடித் தட்டு, பிளாஸ்டிக் டிரே ஆகியவை விலக்கப்பட்டிருக்கும். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். பணம் போவது இரண்டாவது வரியில்.

2024 ஏப்ரலில் ஒருநாள் காலை ஃபிரீஸரில் ஐஸ் உருகிக் கிடக்கிறது. உள்ளே விளக்கு எரிகிறது, குளிர் மட்டும் இல்லை. "கம்ப்ரஸருக்குத்தான் இன்னும் ஆறு வருஷம் இருக்கே" என்று நிம்மதியாகச் சர்வீஸுக்குப் போன் போடுகிறார்கள். குளிர் நின்றுபோவதற்குக் கம்ப்ரஸர் ஒரு காரணம் மட்டுமே என்பதை அந்த வீட்டில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஃபிரிட்ஜின் பின்பக்கம் அடியில் கறுப்பாக, உருண்டையாக உட்கார்ந்திருப்பது கம்ப்ரஸர். அது கேஸை அழுத்திக் குழாய்களில் ஓடவிடுகிறது. அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்க ஒரு பி.சி.பி. போர்டு இருக்கிறது. பழைய வகை ஃபிரிட்ஜில் போர்டுக்குப் பதிலாகக் கம்ப்ரஸரின் பக்கவாட்டில் ரிலே, ஓவர்லோடு என்று இரண்டு சிறு பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். கேஸ் ஓடும் குழாய் ஃபிரீஸரைச் சுற்றியும், பல மாடல்களில் பக்கச் சுவருக்குள்ளேயும் போகிறது. இந்த மூன்றில் எது கெட்டாலும் குளிர் நிற்கும். கார்டு காப்பாற்றுவது மூன்றில் ஒன்றை.

எது கெட்டது என்பதை வீட்டில் இருப்பவர்களே ஓரளவு கணிக்கலாம். பின்பக்கம் மெல்லிய உறுமல் ஓயாமல் கேட்கிறது, ஆனால் ஃபிரீஸரில் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் பனி படிந்து மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்கிறது, வழக்கமாகச் சூடாகும் பக்கச் சுவர் சூடாகவில்லை என்றால் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கிறது, கேஸ் குறைந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். எங்கோ குழாயில் கசிவு. உறுமலே இல்லை, முழு அமைதி என்றால் போர்டாக இருக்கலாம், கம்ப்ரஸராகவும் இருக்கலாம். பழைய வகையில் சில நிமிடத்துக்கு ஒருமுறை "டக்" என்று சத்தம் கேட்டு அடங்கினால் கம்ப்ரஸர் கிளம்பப் பார்த்து முடியாமல் நிற்கிறது என்று பொருள். காரணம் ரிலேயாகவும் இருக்கலாம், உள்ளே இறுகிப்போன கம்ப்ரஸராகவும் இருக்கலாம்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது மெக்கானிக்கின் வேலை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கம்ப்ரஸரில் உள்ள மூன்று பின்களில் மல்டிமீட்டரை வைத்து அவர் பார்ப்பார். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் என்றால் எந்த இரண்டு பின்னுக்கு இடையிலும் ஏறத்தாழ ஒரே அளவு ஓம் காட்ட வேண்டும். பழைய வகையில் மூன்று அளவுகளில் பெரியது மற்ற இரண்டின் கூட்டலாக வரும். ஒன்றில் அளவே வரவில்லை, அல்லது பின்னுக்கும் கம்ப்ரஸரின் இரும்பு உடலுக்கும் தொடர்பு காட்டுகிறது என்றால் உள்ளே காயில் எரிந்துவிட்டது, கம்ப்ரஸர் போய்விட்டது. மூன்று அளவும் சரியாக இருந்தால் சந்தேகம் முதலில் போர்டின் மேல் திரும்ப வேண்டும். சோதனை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அது என்ன சொன்னது என்பதை ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். "குளிரவில்லை, கேஸ் போட வேண்டும்" என்று மட்டும் எழுதிய ஷீட்டை வைத்துக்கொண்டு நாளைக்கு யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது.

இப்போது பணத்துக்கு வருவோம். கீழே வரும் தொகைகள் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை. ஊரையும் கம்பெனியையும் பொறுத்து மாறும்.

கெட்டது கம்ப்ரஸர்தான் என்று முடிவாகிறது. பாகத்தின் விலை 6,500 ரூபாய். கார்டின்படி அது இலவசம். ஆனால் கம்ப்ரஸர் திருகைக் கழற்றி மாட்டுகிற சாமான் அல்ல. பழைய கேஸை வெளியேற்ற வேண்டும், குழாயை அறுத்துப் புதிய கம்ப்ரஸரைப் பற்றவைக்க வேண்டும், கூடவே ஃபில்டர் டிரையர் என்ற சிறு செம்புக் குப்பியைப் புதிதாகப் போட வேண்டும், பற்றவைத்த இடத்தில் கசிவு பார்க்க வேண்டும், வேக்வம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும், கடைசியில் புதுக் கேஸை நிறுத்து நிரப்ப வேண்டும். "கம்ப்ரஸருக்கு மட்டும்" என்று எழுதிய கார்டு இந்த வேலைகளில் எதற்கும் பொறுப்பேற்பதில்லை. ஆகவே பில் இப்படி வருகிறது: வந்து பார்த்த கட்டணம் 400, கேஸும் டிரையரும் 2,600, கூலி 900. மொத்தம் 3,900. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 702. ஆக, இலவசக் கம்ப்ரஸருக்காக வீடு கொடுப்பது 4,602 ரூபாய்.

அதுவே போர்டு கெட்டிருந்தால்? போர்டு 4,200, வந்து பார்த்த கட்டணம் 400, இரண்டும் சேர்ந்து 4,600, வரியோடு 5,428 ரூபாய். வாரண்டியில் வரும் பழுதுக்கும் வராத பழுதுக்கும் வீட்டுக்காரர் கையிலிருந்து போகும் தொகையில் 826 ரூபாய்தான் வித்தியாசம். பத்து வருடம் என்ற எண்ணுக்காக இரண்டு மாடல்களில் ஒன்றை அதிக விலை கொடுத்து வாங்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். என் கருத்தில், "2 வருடம் முழு வாரண்டி" என்று எழுதித் தரும் ஃபிரிட்ஜ், "1 வருடம் முழுமை, கம்ப்ரஸருக்கு 10 வருடம்" என்று எழுதித் தருவதைவிடப் பெரும்பாலான வீடுகளுக்கு மேல். போர்டு, ஃபேன், சென்சார், கேஸ் கசிவு எல்லாம் அந்த இரண்டாம் வருடத்திலும் வாரண்டிக்குள் வந்துவிடும்.

கேஸ் கசிவைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இப்போது வரும் வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-600ஏ என்ற கேஸ். தீப்பற்றக் கூடியது, ஒரு ஃபிரிட்ஜுக்குச் சில பத்து கிராம் போதும். எத்தனை கிராம் என்பது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் லேபிளிலேயே இருக்கும். நிறுவைத் தராசு இல்லாமல் குத்துமதிப்பாகக் கேஸ் ஏற்றுபவரை அனுமதிக்காதீர்கள். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் போட்டால் சில மாதத்தில் மறுபடி அதே நிலைதான். கசிவு சுவருக்குள் பதிந்த குழாயில் என்றால் அதைச் சரிசெய்வது கடினம், சில மாடல்களில் முடியவே முடியாது. இது முழு வாரண்டிக் காலத்துக்குள் நடந்தால் முழு ஃபிரிட்ஜையே மாற்றிக் கேட்க நியாயம் இருக்கிறது. அதற்குப் பின் நடந்தால் கம்ப்ரஸர் வாரண்டி இதில் ஒரு பைசாவுக்கும் உதவாது.

கார்டு செல்லாது என்று சொல்லும் இடங்கள்

மெக்கானிக் வந்து போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பல்லி விழுந்து ஷார்ட் ஆகியிருக்கு, இது வாரண்டில வராதுங்க" என்று சொல்வது நம் ஊரில் சாதாரணம். பூச்சி, எலி, வெள்ளம், இடி, வோல்டேஜ் ஏற்றஇறக்கம் ஆகியவற்றால் வரும் பழுதுகளை ஏறக்குறைய எல்லாக் கார்டுகளும் விலக்கிவைக்கின்றன. பல்லி விழுந்திருந்தால் அதன் கரிந்த தடம் போர்டில் இருக்கும். உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் விஷயம் கொஞ்சம் சிக்கல். அப்படிச் சொல்பவர் எந்தத் தடயத்தை வைத்துச் சொல்கிறார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. போர்டில் வேரிஸ்டர் என்ற சிறு வட்டு வெடித்துக் கறுத்திருப்பது அதிக வோல்டேஜ் வந்ததற்கு வழக்கமான அடையாளம். ஃபியூஸ் போயிருப்பது மட்டும் அதை நிரூபிக்காது. போர்டில் வேறு பாகம் ஷார்ட் ஆனாலும் ஃபியூஸ் போகும்.

வீட்டு உபயோகத்துக்கு என்று விற்ற ஃபிரிட்ஜைப் பெட்டிக்கடையிலோ டீக்கடையிலோ வைத்தால் வாரண்டி குறையும் அல்லது போய்விடும். வெளி மெக்கானிக் திறந்திருந்தாலும் சீரியல் எண் ஸ்டிக்கர் கிழிந்திருந்தாலும் அதே கதை. வீடு பெயிண்ட் அடிக்கும்போது ஃபிரிட்ஜைத் துடைத்து எடுப்பவர்கள் அந்த ஸ்டிக்கரையும் சேர்த்துத் தேய்த்து எடுத்துவிடுவது உண்டு.

தேதி இன்னொரு தகராறு. பொதுவாக வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது. புது வீடு கட்டுபவர்கள் ஆடித் தள்ளுபடியில் வாங்கிப் பெட்டியோடு வைத்துவிட்டு, தை மாதம் கிரகப்பிரவேசம் முடிந்து திறக்கும்போது ஆறு மாத வாரண்டி பிளக்கில் செருகாமலேயே கரைந்திருக்கும். பொருத்திய தேதியிலிருந்து கணக்கிடுங்கள் என்று 2023-ன் கடைசியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. உங்கள் கார்டில் எந்தத் தேதி என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாகத்தை மாற்றித் தந்தால் அதற்குப் புதிதாக ஒரு வருடம் தொடங்கும் என்ற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. பெரும்பாலான கார்டுகளில் மாற்றிய பாகத்துக்கு மிச்சமிருக்கும் பழைய காலம் மட்டுமே ஓடும்.

பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். "ஃபிரிட்ஜ் - 1" என்று மட்டும் எழுதிய பில்லைத் திருப்பிக் கொடுத்து, எண்ணோடு எழுதி வாங்குங்கள். பில் வழவழப்பான தெர்மல் தாளில் வந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். அந்த எழுத்து ஓரிரு வருடத்தில் வெளுத்துப்போகும்.

உண்மையிலேயே மாற்றித் தரும் கேரண்டி

மாற்றித் தருவது என்ற வழக்கம் இன்னும் உயிரோடு இருப்பது இன்வெர்ட்டர் பேட்டரியில். அங்கேயும் கேரண்டி இரண்டு துண்டாக வருகிறது. கார்டில் "36 + 24 மாதம்" என்றிருந்தால், முதல் 36 மாதத்துக்குள் கெட்டால் பைசா வாங்காமல் மாற்றிக் கொடுக்க வேண்டும். அடுத்த 24 மாதத்தில் கெட்டால் புது பேட்டரிக்குத் தள்ளுபடி மட்டும்; மாதம் ஏற ஏறத் தள்ளுபடி இறங்கும். கடைக்காரர் இரண்டையும் கூட்டி "அஞ்சு வருஷம் கேரண்டி" என்று சொல்லிவிடுவார்.

இரண்டாவது துண்டை ஒரு கணக்கில் பார்க்கலாம். பேட்டரி 45-வது மாதம் போகிறது. கார்டின் அட்டவணை அந்தக் காலத்துக்கு 35 சதவீதத் தள்ளுபடி என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தள்ளுபடி கணக்கிடப்படுவது எம்.ஆர்.பி. மேல். இன்றைய எம்.ஆர்.பி. 24,000 என்று வைத்தால் தள்ளுபடி 8,400, நீங்கள் கட்டுவது 15,600. அதே பேட்டரியைப் பக்கத்துக் கடையில் கேட்டால் 17,500-க்குத் தருகிறார்கள், பழைய பேட்டரிக்கு 2,500 கழிக்கிறார்கள். கையிலிருந்து போவது 15,000. கேரண்டியில் வாங்கினால் பழைய பேட்டரியையும் கம்பெனிக்கே கொடுத்துவிட வேண்டும். இந்த எண்களில் கேரண்டியைப் பயன்படுத்துகிறவர் 600 ரூபாய் நஷ்டப்படுகிறார். உங்கள் ஊர் விலையில் இது மாறி வரலாம். இரண்டாம் துண்டுக் காலத்தில் பேட்டரி போனால் முதலில் வெளிச்சந்தை விலையைக் கேட்டுவிட்டு அப்புறம் கார்டை எடுங்கள்.

இலவசக் காலத்தில் போனாலும் கொடுத்த உடனே மாற்றித் தர மாட்டார்கள். ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்ப்பார்கள். ஆறு செல்லும் ஒரே அளவில் குறைவாக இருந்தால் சார்ஜ் இறங்கிய பேட்டரி என்று சார்ஜ் ஏற்றித் திருப்பித் தருவார்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றிலிருந்து நன்றாகக் கீழே கிடந்தால் அது செல் பழுது, கேரண்டி செல்லும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றாமல் தகடு தெரியக் காயவிட்ட பேட்டரிக்கும், குழாய்த் தண்ணீரோ ஆசிடோ ஊற்றிய பேட்டரிக்கும் கேரண்டி கிடையாது. இந்த விலக்கு நியாயமானதுதான்.

கடை தரும் வாக்கு தனி வகை. கம்பெனி ஒரு வருடம் என்று சொல்லும் மிக்ஸிக்கு, "நாங்க ரெண்டு வருஷம் பாத்துக்கறோம்ணே" என்று கடைக்காரர் சொல்கிறார். அவர் மனதாரவே சொல்லியிருக்கலாம். "அதை பில்லுலயே ஒரு வரி எழுதி சீல் வச்சுக் கொடுங்க தம்பி" என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் அது கடையின் சொந்த வாக்கு. பின்னால் "கம்பெனியைப் போய்க் கேளுங்க" என்று கைகாட்ட முடியாது. எழுதத் தயங்கினால் அந்த இரண்டாவது வருடத்தைக் கணக்கில் சேர்க்காமல் விலையை முடிவு செய்யுங்கள்.

பில் போடும் மேசையில் நீட்டப்படும் "எக்ஸ்டெண்டட் வாரண்டி"யும் தனி ஒப்பந்தமே. பெரும்பாலும் அதை நடத்துவது சாமான் செய்த கம்பெனி அல்ல, வேறொரு சர்வீஸ் நிறுவனம். பின்னால் ஒரு இன்ஷூரன்ஸ் இருக்கலாம். கம்பெனியின் முழு வாரண்டி முடிந்த மறுநாள்தான் இது தொடங்கும். பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: சரிசெய்ய முடியாமல் போனால் என்ன தருவீர்கள்? பல திட்டங்களில் பில் தொகையிலிருந்து வருடத்துக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழித்த தொகைதான் வரும், சிலவற்றில் அதுவும் அதே கடையின் கூப்பனாக. கேஸும் கூலியும் உள்ளடங்கியவை என்று எழுத்தில் இருந்தால் ஏ.சி., ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்கு இது வாங்கத் தகுந்தது. மிக்ஸி, கிரைண்டருக்கு வேண்டாம்; அவற்றின் பழுதுகள் பெரும்பாலும் கப்ளர், பெல்ட், ஸ்விட்ச் என்று கைச்செலவில் முடிபவை.

கார்டுக்கு மேலே சட்டம்

"எங்கள் பொறுப்பு ரிப்பேர் செய்து தருவதோடு முடிந்தது" என்று கார்டில் அச்சிட்டிருப்பார்கள். வாங்கிய முதல் வாரத்திலிருந்தே சரியாகக் குளிராத ஃபிரிட்ஜுக்கு இந்த வரி முற்றுப்புள்ளி ஆகாது. 1930-ம் வருடப் பொருள் விற்பனைச் சட்டம், ஒரு விற்பனையில் அடிப்படை நிபந்தனை வேறு, வாரண்டி வேறு என்று பிரிக்கிறது. வாரண்டி மீறப்பட்டால் நஷ்டஈடு கேட்கலாம். அடிப்படை நிபந்தனை மீறப்பட்டால் பொருளையே வேண்டாமென்று திருப்பலாம். குளிர வைப்பதற்காக விற்ற பெட்டி குளிர வைக்க வேண்டும் என்பது அடிப்படை. ஆனால் நாள் கடத்தினால் பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகி, திருப்பும் உரிமை நஷ்டஈடு கேட்கும் உரிமையாகச் சுருங்கிவிடும். அதனால் முதல் மாதத்துக் குறையை முதல் மாதத்திலேயே எழுத்தில் சொல்ல வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது: குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறைகேடான வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற ரப்பர் ஸ்டாம்ப் குறையுள்ள பொருளுக்குச் செல்லாது.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் குறையை நீக்கச் சொல்லலாம், பொருளை மாற்றித் தரச் சொல்லலாம், விலையைத் திருப்பச் சொல்லலாம், நஷ்டஈடும் கொடுக்கச் சொல்லலாம். கார்டில் ரிப்பேர் மட்டும் என்றிருப்பது ஆணையத்தின் கையைக் கட்டாது. ஆனால் ஒரே ஒரு பழுதுக்கு முழு விலையும் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தயாரிப்பிலேயே குறை என்று நீங்கள் சொன்னால் அதற்கு ஆதாரம் கேட்பார்கள். ஒரே பழுது வாரண்டிக் காலத்துக்குள் திரும்பத் திரும்ப வந்ததைக் காட்டும் ஜாப் ஷீட்டுகள் இங்கே பலமான ஆதாரம். தகுதியுள்ள வெளி மெக்கானிக் எழுதித் தரும் அறிக்கை இன்னொன்று. கம்பெனி ஆள் பார்த்துப் போன பிறகு, எதையும் கழற்றாமல் அந்த வெளி மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் கம்பெனி மெக்கானிக் "சரியாயிடுச்சு" என்று ஓ.டி.பி. கேட்பார். குளிர் வந்ததைப் பார்க்காமல் அதைச் சொல்லாதீர்கள். ஓ.டி.பி. போனால் புகார் தீர்ந்ததாகப் பதிவாகிவிடும்.

புகார் கொடுக்கும் வழி இதுதான். முதலில் கம்பெனிக்கு மின்னஞ்சலில், பில், சீரியல் எண், ஜாப் ஷீட் படங்களோடு, என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்: மாற்றித் தர வேண்டுமா, பணம் திரும்ப வேண்டுமா. பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அவர்கள் கம்பெனியோடு பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, ஆனாலும் பல புகார்கள் அங்கேயே முடிகின்றன. அதிலும் தீராவிட்டால் மாவட்ட ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. கார்டின் அடியில் பொடி எழுத்தில் "வழக்குகள் டெல்லி எல்லைக்கு உட்பட்டவை" என்று இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க 2019 சட்டம் வழிவிடுகிறது. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கம்பெனியோடு மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருப்பதால் இந்த இரண்டு வருடம் நின்று காத்திருக்காது.